ஆப்பத்துக்கு ஓரம் வலை மாதிரி வரல, நடுவும் உப்பல: தளி பக்கத்துக் குளிருக்கு மாவை எப்படிப் புளிக்க வைக்கிறது?

தளிக்காட்டு மருமகள்

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி. வாக்கப்பட்டு வந்தது தளி பக்கம். அம்மா வீட்டுல ஆப்பத்துக்கு மாவு ஆட்டி வெச்சா காலையில மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும். இங்க மார்கழி, தை மாசத்துல வெச்ச மாவு வெச்ச அளவுலயே இருக்கு.

நான் போடுற அளவு இதுதான். பச்சரிசி ரெண்டு டம்ளர், உளுந்து அரை டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன், பழைய சோறு ஒரு கைப்பிடி. கிரைண்டர்ல நைசா ஆட்டி, உப்பு போட்டுக் கரைச்சு, ராத்திரி சமையல் மேடையிலயே வெச்சுட்டேன். காலையில ஒண்ணும் ஆகல. சரின்னு சாயங்காலம் வரைக்கும் விட்டேன். புளிச்ச வாசனை வந்துச்சு, ஆனா கரண்டி விட்டா நுரையே இல்ல. தண்ணி சேர்த்து ஊத்தினா ஓரம் முழுக்க ஓட்டையே இல்லாம மழமழன்னு தோசையா நிக்குது. நடுவுல தட்டையா, மெத்துன்னு இல்லாம இருக்கு. "சட்டி வாங்குனது தோசை சுடறதுக்கா?"ன்னு மாமியார் கேட்டுட்டாங்க.

மாவு தண்ணியா இருக்கணுமா கெட்டியா இருக்கணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

---

அரூர் தம்பி

அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? ஊத்துறதுக்கு முன்னாடி ஆப்ப சோடா அரை ஸ்பூன் போட்டுக் கலக்குங்க. ஓட்டை ஓட்டையா வரும். எங்க வீட்டுல அப்படித்தான். புளிக்க வைக்கிற வேலையே பாதி மிச்சம்.

---

மத்தூர்க்காரன்

மாவு மேல பழி போடாதீங்க. சட்டியைப் பழக்கினீங்களா? புது இரும்புச் சட்டின்னா அரிசி கழுவுன தண்ணி ஊத்தி ரெண்டு நாள் வெச்சு, அப்புறம் எண்ணெய் தடவிக் காய வெச்சு எடுக்கணும். வெங்காயத்தைப் பாதியா வெட்டி எண்ணெயில தொட்டுத் தேய்ச்சா ஆப்பம் ஒட்டாம வரும். எங்க வீட்டுச் சட்டி பாட்டி காலத்துது, சந்தையில வாங்குனது. இன்னைக்கும் கழண்டு வருது.

---

தளிக்காட்டு மருமகள்

@மத்தூர்க்காரன் அண்ணா, எனக்கு ஒட்டல. எடுக்கும்போது நல்லாவே வருது. ஓட்டை விழாததுதான் என் பிரச்சினை.

---

பழையபேட்டை மாஸ்டர்

தங்கச்சி, கிருஷ்ணகிரியில சாயங்கால டிபன் கடையில ஆப்பம் ஊத்துறவன் நான். நீ எழுதுனதுலயே விஷயம் இருக்கு. உளுந்து அரை டம்ளர்னு போட்டிருக்க பாரு, அதுதான். ரெண்டுக்கு அரைங்கிறது தோசைக் கணக்கு. அந்தக் கணக்குக்குத் தோசைதான் வரும்.

ஏன்னு சொல்றேன். உளுந்துல ஒரு வழவழப்பு இருக்கில்ல, அது குமிழியைப் பிடிச்சு வெச்சுக்கும், உடைய விடாது. இட்லிக்கு அது வேணும். ஆப்பத்துல ரெண்டு வேலை நடக்கணும். சட்டியில ஒரு சுத்து சுத்துனதும் ஓரத்துல படியற மாவு ரொம்ப மெலிசு. அதுல இருக்கிற குமிழி சூடு பட்டதும் உடையணும், உடைஞ்ச இடம்தான் ஓட்டை. மிச்ச மாவு நடுவுல வந்து தேங்கி நிக்குது. அங்க குமிழி உடையாம மாவுக்குள்ளயே நின்னு ஆவியில வேகணும், அதுதான் மெத்து. ஒரே மாவு ஓரத்துல உடையணும், நடுவுல நிக்கணும். உளுந்து கூடினா ரெண்டு இடத்துலயும் நின்னுடும், உனக்கு மழமழன்னு ஓரம் வரும்.

ரெண்டு டம்ளர் பச்சரிசிக்கு உளுந்து ரெண்டு ஸ்பூன் போதும். சாம்பார் ஊத்துற கரண்டி இல்ல, சாப்பிடற ஸ்பூன். வெந்தயம் நீ போடறதே சரி.

அடுத்தது புளிப்பு. தங்கச்சி, புளிப்பு வேற, பொங்குறது வேற. மாவு ரொம்ப நேரம் குளிர்ல கிடந்தா மெதுவாப் புளிப்பு மட்டும் ஏறிக்கிட்டே போகும், காத்து சேராது. கொஞ்சம் சேர்ந்ததும் கசிஞ்சு போயிடும். வாசனையை வெச்சு மாவு ஆச்சுன்னு முடிவு பண்ணாத. கரண்டியை ஓரத்துல விட்டு ஒரு தடவை தூக்கிப் பாரு. உள்ள வலை வலையா, குமிழி குமிழியா இருந்து, கரண்டியில எடுத்ததும் சத்தமில்லாம அமுங்கணும். அதுதான் ஆப்பத்துக்கு ஆன மாவு. மேல நுரை இருந்து உள்ள கெட்டியா இருந்தா இன்னும் ஆகல.

அரூர் தம்பிக்கு: சோடா தப்புன்னு சொல்ல மாட்டேன், கடையில நாங்களும் போடறோம். ஆனா அரை ஸ்பூன் ரொம்ப அதிகம். புளிச்ச மாவுல ஒரு சிட்டிகை போட்டா அந்தப் புளிப்போட சேர்ந்து காத்து கிளம்பும். புளிக்காத மாவுல போட்டா சோடா அப்படியே நிக்கும், நடுப்பாகம் மஞ்சளாகும், நாக்குல சவுக்காரம் தட்டும். போட்டதும் அரை மணி நேரத்துக்குள்ள ஊத்தி முடிக்கணும், அப்புறம் வேலை செய்யாது. புளிக்க வைக்கிற வேலைக்கு அது மாத்து இல்ல தம்பி.

---

அரூர் தம்பி

மாஸ்டர் சொன்னா சரி. ஆனா எங்க வீட்டுல மஞ்சளாலாம் வந்ததில்ல. ஒருவேளை எங்க மாவு நல்லாவே புளிச்சிருக்கும். அரூர்ல சித்திரையில காலையில ஆட்டினா மதியமே பொங்கி வழியுது.

---

ஓசூர் பாலக்காட்டான்

நான் பாலக்காட்டுக்காரன், ஓசூரில் கம்பெனி வேலை. எங்கள் பக்கத்தில் இந்த ஆப்பத்துக்கு உளுந்தே போட மாட்டோம். ரெண்டு டம்ளர் பச்சரிசி, முக்கால் டம்ளர் தேங்காய்த்துருவல், அவ்வளவுதான். மெத்துக்குக் கப்பி காய்ச்சுவோம். அரைத்த மாவில் ரெண்டு கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளையாக இருந்தது கண்ணாடி போல் பளபளவென்று கூழானதும் இறக்கி, நன்றாக ஆறவிட்டு, மாவில் கலக்க வேண்டும். இந்தக் கூழ்தான் நடுவில் காற்றைப் பிடித்து வைக்கிறது. உளுந்து செய்கிற வேலையை இது செய்யும், ஆனால் ஓரத்தை மூடாது.

ஊரில் பழைய ஆட்கள் கள் ஊற்றிப் புளிக்க வைப்பார்கள். இங்கே கள்ளுக்குத் தடை, அதனால் ஈஸ்ட். இந்த அளவுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர். பத்து நிமிஷத்தில் நுரைத்தால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரைக்காவிட்டால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, கூழில் விரல் வைத்தால் சூடே தெரியக் கூடாது. சூடான கூழைக் கொட்டினால் ஈஸ்ட் அங்கேயே செத்துப்போகும். பிறகு ராத்திரி முழுக்கக் காத்திருந்தும் பயனில்லை.

---

பழையபேட்டை மாஸ்டர்

பாலக்காட்டு சார் சொல்ற கூழ் சத்தியமான விஷயம். நாங்க கடையில கூழ் காய்ச்சறதில்ல, சோறு போட்டே ஆட்டிடுவோம், நேரம் இல்ல. ஈஸ்ட் எனக்கு ஒத்துவரல சார். ஆப்பத்துல பன் வாசனை வருது. எங்க வாடிக்கைக்காரங்க கேட்டுடுவாங்க.

தங்கச்சி, உனக்கு ஈஸ்ட் வேணாம்னா வேற வழி இருக்கு. பொங்கின தோசை மாவு ஒரு கரண்டி எடுத்து வெச்சுக்க. ஆப்ப மாவை ஆட்டினதும் அதைப் போட்டுக் கையால கரை. பிரிட்ஜ்ல இருந்து எடுத்த மாவா இருந்தா முதல்ல வெளிய வெச்சுக் குளிர் போகட்டும். ஆட்டும்போது விடற தண்ணியும் வெதுவெதுப்பா இருக்கட்டும். உப்பு இப்ப போடாத. உப்பு பொங்குறதை மட்டுப்படுத்தும். குளிர்காலத்துல காலையில போட்டுக்கலாம். வெயில் காலத்துல ராத்திரியே போடு, இல்லன்னா ஓவரா போயிடும்.

மாவுப் பாத்திரத்தை சமையல் மேடை கல்லு மேல வெக்காத. அந்தக் கல்லு ராத்திரியில ஜில்லுன்னு ஆயிடும், அடியில இருந்து சூட்டை உறிஞ்சும். ஒரு அகலப் பாத்திரத்துல கை பொறுக்கிற சூட்டுல தண்ணி ஊத்தி, அதுக்குள்ள மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேல சாக்கு இல்ல கம்பளி போட்டு மூடு. படுக்கப் போறதுக்கு முன்னாடி தண்ணியை ஒரு தடவை மாத்து.

---

பென்னாகரம் ராகி வீடு

நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரை. ராகி மாவுல ஆப்பம் வருமா? நான் பாதிக்குப் பாதி போட்டேன், எடுக்கும்போது ஓரம் எல்லாம் ஒடிஞ்சு கையோட வந்துச்சு. களி கிண்டினா எப்படி வேணா வளையுது, இது மட்டும் ஏன்?

---

ஓசூர் பாலக்காட்டான்

@பென்னாகரம் ராகி வீடு, பாதி ரொம்ப அதிகம். கால் பங்குக்கு மேல் ராகி போனால் மெல்லிய ஓரம் தாங்காது என்று நினைக்கிறேன். கால் பங்கு போட்டு, கூழையும் ராகியில் காய்ச்சிப் பாருங்கள்.

---

பழையபேட்டை மாஸ்டர்

எனக்கு அது கைவரல. ஒரு தடவை கடையில ஒருத்தர் கேட்டாருன்னு போட்டு, கல்தோசையாக் கொடுத்து அனுப்பினேன். ராகிக்கு உளுந்தைக் கூட்டணும்னு சிலர் சொல்றாங்க, அப்ப ஓரம் மூடிக்கும். வேற யாராவது சொல்லட்டும்.

---

தளிக்காட்டு மருமகள்

மாஸ்டர் அண்ணா, கரைக்கிற பதம் இன்னும் சொல்லலையே. எங்க அம்மா "பால் மாதிரி"ன்னு சொல்வாங்க. பக்கத்து வீட்டு அக்கா "தோசை மாவுக்குக் கொஞ்சம் கீழ"ங்கிறாங்க.

---

பழையபேட்டை மாஸ்டர்

ரெண்டு பேர் சொல்றதும் வேற வேற நேரத்துக்கு. புளிக்க வைக்கும்போது தோசை மாவுப் பதம். தண்ணியாக் கரைச்சு வெச்சா காத்து நிக்காது, அரிசி அடியில போய்ப் படியும். காலையில ஊத்துறதுக்கு முன்னாடிதான் இளக்கணும்.

இளக்கறதுக்குத் தேங்காய்ப்பால். ரெண்டு டம்ளர் அரிசி மாவுக்கு ஏறக்குறைய முக்கால் டம்ளர் பிடிக்கும், அரிசியைப் பொறுத்து முன்னபின்ன ஆகும். ஒரேயடியா ஊத்தாத. முக்கியமா, மாவு முழுசையும் இளக்காத. பாதியைத் தனியா எடுத்து அதை மட்டும் இளக்கு. தண்ணி கூடிப்போச்சுன்னா மிச்ச கெட்டி மாவுல ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்துக்கலாம். அரிசி மாவைத் தூவி கெட்டி பண்ணாத, அது புளிக்காத பச்சை மாவு, நடுவுல மாவு வாசனை அடிக்கும்.

கலக்கும்போது கரண்டியால சுத்திச் சுத்தி அடிக்காத. ராத்திரி சேர்ந்த காத்தெல்லாம் போயிடும். அடியில இருந்து மெதுவாப் புரட்டிவிட்டாப் போதும்.

பதம் பாக்கறது இப்படி. எவர்சில்வர் கரண்டியை மாவுல முக்கி எடு. முதுகுப் பக்கம் மாவு படிஞ்சிருக்கணும், அதுக்குள்ளாற கரண்டியோட பளபளப்பு லேசாத் தெரியணும். பளபளப்பே தெரியலன்னா கெட்டி. மாவு நிக்காம ஓடிருச்சுன்னா தண்ணி.

இதெல்லாம் ஒரு கணக்குதான். உண்மையைச் சொல்றது முதல் ஆப்பம். சட்டி காஞ்சதும் ஒரு சொட்டு தண்ணி தெளி. உருண்டு ஓடுச்சுன்னா சூடு அதிகம், கொஞ்சம் இறக்கி வை. சுர்ர்னு சொல்லி ரெண்டு மூணு நொடியில மறைஞ்சா சரி. ஒரு கரண்டி ஊத்தி, ரெண்டு காதையும் பிடிச்சு ஒரே ஒரு சுத்து. இப்ப மூடாத, ஓரத்தையே பாரு.

ஓரத்துல மாவு நிக்குது, ஓட்டை விழலன்னா கெட்டி. தேங்காய்ப்பால் ரெண்டு ஸ்பூன் விடு. ரெண்டு தடவை விட்டும் ஓட்டை இல்லன்னா கெட்டி இல்ல, காத்து இல்ல. அப்பதான் சோடா ஒரு சிட்டிகை. மாவு ஓரத்துல நிக்காம மொத்தமா வழுக்கி நடுவுக்கு இறங்கினா மாவு தண்ணி, இல்ல சட்டியில எண்ணெய் அதிகம், இல்ல சூடு பத்தல. ஊத்துன இடத்துலயே பிடிச்சுக்கிட்டு சுத்தவே வரலன்னா சூடு அதிகம். நான்ஸ்டிக் சட்டியா இருந்தா எண்ணெயே தடவாத. இரும்புன்னா துணியில தொட்டுத் துடை, மினுமினுப்பு தெரிஞ்சா போதும்.

ஓட்டை விழ ஆரம்பிச்சதும் மூடிடு. அப்புறம் சின்னத் தீ. ஓரம் பொன்னிறமாகித் தானா சட்டியை விட்டுக் கிளம்பும், அதுக்கு முன்னாடி கரண்டி போடாத.

---

தளிக்காட்டு மருமகள்

நேத்து ராத்திரி உளுந்து ரெண்டு ஸ்பூன், தோசை மாவு ஒரு கரண்டி, சுடுதண்ணிப் பாத்திரம், கம்பளி எல்லாம் மாஸ்டர் சொன்னபடி. காலையில மாவு நல்லா ஏறியிருந்துச்சு! கரண்டியை விட்டுத் தூக்கினா உள்ள வலை வலையா இருந்துச்சு. ஓரமும் ஓட்டை ஓட்டையா மொறுமொறுன்னு வந்துடுச்சு. மாமியார் ஒண்ணும் சொல்லல, ஆனா இன்னொண்ணு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

ஆனா நடுவு சரியில்ல. உப்பியிருக்கு, மேல வெந்த மாதிரிதான் தெரியுது. பிச்சா உள்ள பிசுபிசுன்னு, பல்லுல ஒட்டுது. பாலக்காட்டு அண்ணா சொன்ன கூழும் காய்ச்சிப் போட்டேன். அது காரணமா?

---

ஓசூர் பாலக்காட்டான்

பழைய சோறும் போட்டீர்களா?

---

தளிக்காட்டு மருமகள்

ஆமா அண்ணா, வழக்கம் போல ஒரு கைப்பிடி.

---

ஓசூர் பாலக்காட்டான்

அங்கேதான் இருக்கிறது. சோறும் வெந்த மாவு, கூழும் வெந்த மாவு. ஒன்று போட்டால் மெத்து, ரெண்டும் சேர்ந்தால் பிசுபிசுப்பு. வெந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு வெந்தாலும் உள்ளே ஈரம் போகாது. அடுத்த முறை சோற்றை விட்டுவிடுங்கள்.

---

பழையபேட்டை மாஸ்டர்

அது இருக்கலாம். ஆனா நான் ஒண்ணு கேக்குறேன். எதை வெச்சு மூடுற?

---

தளிக்காட்டு மருமகள்

சட்டியோட வந்த மூடி கைப்பிடி உடைஞ்சிருச்சு. ஒரு தட்டைக் கவுத்து மூடுறேன்.

---

பழையபேட்டை மாஸ்டர்

தட்டையான தட்டா? எடுத்து அடியில பாரு, தண்ணி கோத்து நிக்கும். சட்டியில இருந்து போற ஆவி தட்டுல பட்டு சொட்டுச் சொட்டா நேரா நடுவுல விழுது. குழிஞ்ச மூடின்னா தண்ணி சரிவுல ஓடி ஓரத்துக்குப் போயிடும். இப்போதைக்கு ஒவ்வொரு ஆப்பத்துக்கும் தட்டோட அடியைத் துணியால துடைச்சுட்டு மூடு. அந்த மாவு மிச்சம் இருந்தா அதுலயே பாரு. மாவை மாத்தாம மூடியை மட்டும் மாத்தினாத்தான் காரணம் எதுன்னு தெரியும்.

அளவையும் குறை. ஒரு கரண்டி நிறைய ஊத்தினா நடுவுல குளம் மாதிரி நிக்கும், அது வேகறதுக்குள்ள ஓரம் கருகிடும், நீ பயந்து எடுத்துடுவ. முக்கால் கரண்டி போதும்.

---

தளிக்காட்டு மருமகள்

மிச்ச மாவுல தட்டைத் துடைச்சுத் துடைச்சு ஊத்திப் பாத்தேன் அண்ணா. மேல இருந்த ஈரம் போச்சு, நடுவு வெள்ளையா, பஞ்சா இருக்கு. அடியில மட்டும் இன்னும் லேசா ஒட்டுது. அப்ப பாலக்காட்டு அண்ணா சொன்னதும் உண்மைதான் போல. அடுத்த தடவை சோறு இல்லாம கூழ் மட்டும் போடறேன்.

---

பழையபேட்டை மாஸ்டர்

கூழை விட்டுட்டு சோறு மட்டும் போட்டுப் பாரு தங்கச்சி, வேலையும் மிச்சம்.

---

ஓசூர் பாலக்காட்டான்

மாஸ்டர், உங்கள் கடை ஆப்பத்தைச் சுடச்சுடச் சாப்பிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டில் அரை மணி நேரம் ஹாட்பாக்ஸில் வைத்துப் பாருங்கள். கூழ் போட்டது அப்போதும் மெத்தென்று இருக்கும்.

---

பழையபேட்டை மாஸ்டர்

ஹாட்பாக்ஸ்ல வெச்சா ஓரம் மொறுமொறுப்பு போயிடுமே சார். அப்புறம் ஆப்பம் எதுக்கு?

---

அரூர் தம்பி

ஒரு சந்தேகம். தேங்காய்ப்பால் ஊத்திக் கரைச்ச மாவு மிச்சமானா மறுநாளைக்கு வெக்கலாமா? எங்க வீட்டுல தினமும் மிச்சமாகுது.

---

பழையபேட்டை மாஸ்டர்

பால் சேர்த்ததை வெக்காத தம்பி, அதுவும் அரூர் வெயில்ல. அன்னைக்கே ஊத்தி முடி. பால் சேர்க்காத கெட்டி மாவைப் பிரிட்ஜ்ல ரெண்டு நாள் வெக்கலாம். ஆனா ரெண்டாம் நாள் ஓரத்துல ஓட்டை குறைஞ்சுடும், புளிப்பும் ஏறிடும். நாங்க அதுல வெங்காயம், பச்சமிளகாய் தாளிச்சுக் கொட்டிப் பணியாரம் ஊத்திடுவோம்.

---

பென்னாகரம் ராகி வீடு

கால் பங்கு ராகி போட்டு ஊற வெச்சிருக்கேன். வீட்டுல நான்ஸ்டிக் சட்டிதான் இருக்கு. ராகிக்கும் எண்ணெய் தடவக் கூடாதா?

---

மத்தூர்க்காரன்

நான்ஸ்டிக்கை விடுங்கம்மா. இரும்புச் சட்டி வாங்கிப் பழக்குங்க.